வீட்டிலிருந்து கோடிங் கற்பிக்கத் தொடங்குபவருக்கு: வகுப்பு, பிராஜெக்ட் திருத்தம், கட்டணம்

கேள்வி: நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் பைதான் டெவலப்பராக வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் இருக்கிறேன். பி.காம்., பி.எஸ்சி. முடித்தவர்கள் சிலர், அடிப்படையிலிருந்து கோடிங் சொல்லிக்கொடுத்து இன்டர்வியூவுக்கும் தயார் செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். ஆன்லைனில்தான் எடுக்க முடியும். எத்தனை வகுப்பு, ஒவ்வொன்றிலும் என்ன செய்வது, அவர்கள் பிராஜெக்டை எப்படித் திருத்துவது, எவ்வளவு வாங்குவது என்று தெரியவில்லை. மணிக்கு 400 ரூபாய் சொல்லலாமா? உறவினர் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், அவர்களிடம் காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

கட்டணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வகுப்பை அதற்குள் அடக்கப் பார்க்காதீர்கள். ஒரு மாணவருக்கு மொத்தம் எவ்வளவு நேரம் செலவாகும் என்பது தெரிந்த பிறகுதான் 400 ரூபாய் போதுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். எனவே வகுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

யாரைச் சேர்த்துக்கொள்வதானாலும் முதலில் முக்கால் மணி நேரச் சந்திப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பாதிக் கட்டணம் வாங்குங்கள். அந்தச் சந்திப்பில் பாடம் எதுவும் நடத்த வேண்டாம். ஐந்து மாணவர்களின் மதிப்பெண்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, `max()` பயன்படுத்தாமல் மிக உயர்ந்த மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் பாருங்கள். ஒருவருக்கு வழி தெரியும், ஆனால் முக்காற்புள்ளியும் உள்தள்ளலும் தகராறு செய்யும். இன்னொருவருக்கு நிரல்மொழியின் இலக்கணம் எல்லாம் மனப்பாடம், ஆனால் "இதுவரை பார்த்ததில் பெரியது எது என்று ஒரு மாறியில் வைத்துக்கொண்டே போக வேண்டும்" என்ற யோசனை வராது. மூன்றாமவர் பிழைச்செய்தி வந்தவுடன் அதைப் படிக்காமலேயே எழுதியதை அழித்துவிடுவார். இந்த மூவருக்கும் ஒரே பாடத்திட்டம் பொருந்தாது. இரண்டாவது வகையினருக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். யூடியூபில் முழுப் படிப்பையும் பார்த்து முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலர் இந்த வகைதான்.

ஆரம்ப நிலை மாணவருக்கு வாரம் இரண்டு வகுப்பாக எட்டு வாரம், ஆக 16 வகுப்புகள் என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு. முதல் ஆறில் அடிப்படை, அடுத்த ஐந்தில் ஒரே ஒரு பிராஜெக்ட், கடைசி ஐந்தில் இன்டர்வியூ பயிற்சி. வேலை கிடைத்துவிடும் என்று இந்த 16 வகுப்புகளைக் காட்டி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நிரல் எழுதத் தெரியாதவர் ஒரு சிறு நிரலைத் தானே எழுதி, அதை வாய்விட்டு விளக்கும் நிலைக்கு வருவார் என்பது மட்டுமே இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது.

ஒரு மணி நேர வகுப்பை நான் பிரிக்கும் முறை இது. முதல் 10 நிமிடம், போன முறை கொடுத்த வீட்டுப்பாடத்தை மாணவர் திரையில் காட்டி வரி வரியாக விளக்க வேண்டும். அடுத்த 15 நிமிடம் புதிய கருத்து ஒன்று, ஒரே ஒரு சிறிய உதாரணத்துடன். அதற்கடுத்த 25 நிமிடம் மாணவர் எழுதுவார், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடைசி 10 நிமிடத்தில், இன்று புரிந்தது என்ன, புரியாதது என்ன என்று அவரே பொதுவான ஒரு கூகுள் டாக்ஸில் நான்கு வரி எழுதுவார். வீட்டுப்பாடமும் அங்கேயே பதிவாகும். வீட்டுப்பாடம் பார்ப்பது நீண்டுவிட்டால், புதிய கருத்தைச் சொல்லும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது அடுத்த வகுப்புக்குத் தள்ளிவையுங்கள். அந்த 25 நிமிடத்தை மட்டும் தொடாதீர்கள்.

நேரில் சொல்லிக்கொடுப்பதைவிட ஆன்லைனில் இதைக் காப்பது கடினம். திரையின் இந்தப் பக்கம் மௌனம் நீண்டால், இணைப்பு போய்விட்டதோ என்று நமக்கே பதற்றம் வந்து, விடையைச் சொல்லிவிடுவோம். அதனால் திரையை எப்போதும் மாணவரே பகிரட்டும். விஎஸ் கோடில் லைவ் ஷேர் வைத்திருந்தால், படிக்க மட்டும் அனுமதி தரும் முறையில் மாணவர் உங்களை உள்ளே சேர்க்கட்டும். நீங்கள் தட்டச்சு செய்ய முடியாது என்பதே அதன் பயன். எழுத்தின் அளவைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், இணைய வேகம் குறைந்தால் இருவரும் கேமராவை அணைத்துவிடுங்கள். குரலும் திரையும் தெளிவாக இருந்தால் போதும். கைப்பேசி மட்டும் வைத்திருப்பவரிடம், மடிக்கணினியோ பழைய கணினியோ இல்லாமல் இந்தப் பயிற்சி சரிவராது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

பிராஜெக்ட் பகுதியில்தான் புதிதாகக் கற்பிப்பவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பி.காம். படித்தவருக்கு வரவு செலவுக் கணக்கு ஏற்றது. என்ன கணக்கு வர வேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், யோசனை முழுவதும் நிரலின் பக்கம் போகும். செலவைச் சேர்ப்பது, அதை ஒரு சி.எஸ்.வி. கோப்பில் சேமிப்பது, வகைவாரியாகக் கூட்டுத்தொகை காட்டுவது, இவ்வளவு போதும். மாணவி ஒருவர் அனுப்பியதாக இதை வைத்துக்கொள்வோம்:

```python
import csv

def load(path):
    with open(path, newline="") as f:
        return list(csv.DictReader(f))

def total(rows, category):
    t = 0
    for r in rows:
        if r["category"] == category:
            t = t + r["amount"]
    return t
```

"நேற்று சரியாக ஓடியது, இன்று திறந்தால் பிழை வருகிறது" என்று அவர் எழுதியிருப்பார். அவர் சொல்வது உண்மைதான். நேற்று செலவைச் சேர்த்தபோது தொகையை `int(input())` வழியாக வாங்கினார், அதனால் அது எண்ணாகவே பட்டியலில் இருந்தது. இன்று அதே தொகை கோப்பிலிருந்து வருகிறது. `csv.DictReader` எதைப் படித்தாலும் சரமாகவே தரும் என்பதால் 250 என்பது `"250"` ஆகிவிட்டது. பிழைச்செய்தி அதைத்தான் சொல்கிறது:

```
TypeError: unsupported operand type(s) for +: 'int' and 'str'
```

இந்த இடத்தில் நீங்கள் சரியான வரியை எழுதி அனுப்பினால், அவருக்கு ஒரு வரி கிடைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, கூட்டும் வரிக்கு மேலே `print(type(r["amount"]))` என்று சேர்த்துவிட்டு, நேற்றும் இன்றும் என்ன வருகிறது என்று ஒப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்ததும் `total` உள்ளேயே `int(r["amount"])` என்று மாற்றிவிடுவார்கள். நிரல் ஓடும். அடுத்த வாரம் மாதவாரி அறிக்கைக்கு வேறொரு செயற்கூறு எழுதும்போது அதே பிழை திரும்ப வரும். அப்போது, "இந்தத் தொகை நம் நிரலுக்குள் நுழையும் வாசல் எது?" என்று கேளுங்கள். `load` என்று அவர் வாயாலேயே வர வேண்டும். மாற்றத்தை அங்கே ஒரே இடத்தில் செய்தால், மற்ற எந்தச் செயற்கூறும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இப்படி ஒரே பிழையை இரண்டு முறை சந்திக்க விடுவது நேர விரயமாகத் தோன்றலாம். ஆனால் இன்டர்வியூவில் "உங்கள் பிராஜெக்டில் சந்தித்த சிக்கல் என்ன?" என்று கேட்டால், அவர் சொந்தமாகச் சொல்ல இதுதான் இருக்கும்.

அதே நிரலில் இன்னொரு பிழை சத்தமில்லாமல் இருக்கிறது. கோப்பில் `Food` என்று இருந்து, பயனர் `food` என்று கேட்டால், பிழைச்செய்தி எதுவும் வராது. விடை 0 என்று வரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மாணவி நினைத்துக்கொள்வார். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் சிவப்பு எழுத்துக்குத்தான் பயப்படுகிறார்கள், தவறான விடைக்குப் பயப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு பிராஜெக்டுக்கும், விடை முன்கூட்டியே தெரிந்த ஐந்து வரிக் கோப்பு ஒன்றை அவரே காகிதத்தில் கூட்டிப் பார்த்துத் தயாரிக்கச் செய்யுங்கள். நிரல் தரும் தொகை அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே உங்களுக்கு அனுப்ப வேண்டும்.

எழுத்தில் திருத்தம் அனுப்பும்போது ஒரு முறைக்கு மூன்று குறிப்புகளுக்கு மேல் எழுதாதீர்கள். அனுபவமுள்ள டெவலப்பரின் கண்ணுக்கு அந்தப் பத்து வரியில் எட்டுக் குறைகள் தெரியும்: மாறிகளின் பெயர், கோப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும், 250.50 என்று பைசா வந்தால் `int()` ஏற்காதே என்பதெல்லாம். அலுவலகத்தில் சக ஊழியருக்குக் கோட் ரிவியூ எழுதியதுபோல எல்லாவற்றையும் எழுதினால், மாணவர் எது முக்கியம் என்று தெரியாமல் சுலபமானதை, அதாவது மாறியின் பெயரை, மட்டும் திருத்தி அனுப்புவார். முதல் குறிப்பு தவறான விடை தரும் இடத்தைப் பற்றியது. இரண்டாவது, நாளைக்குச் சிக்கல் தரும் இடம். மூன்றாவது, அவர் சரியாகச் செய்த ஒன்று, ஏன் சரி என்ற காரணத்துடன். மேலே உள்ளதில் கோப்பை `with` கொண்டு திறந்தது அப்படிப்பட்டது. மற்றவற்றை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வாரங்களுக்குப் பயன்படுத்துங்கள். நிரலை வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்புவதை முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டு, கிட்ஹப்பில் போடப் பழக்குங்கள். எந்த நாளில் எதை மாற்றினார் என்பது அதில் தெரியும். வேறெங்கோ எடுத்து ஒட்டிய பிராஜெக்ட், ஒரே கமிட்டில் முந்நூறு வரியாக வந்து நிற்கும்.

இன்டர்வியூ பயிற்சியில் உங்கள் வேலை முற்றிலும் வேறு. அங்கே நீங்கள் ஆசிரியர் இல்லை என்பதை மாணவரும் உணர வேண்டும். நேரம் குறித்து, வேறு லிங்க் அனுப்பி, அறிமுகத்திலிருந்து தொடங்குங்கள். அறிமுகத்துக்கு 5 நிமிடம், ஒரு கேள்விக்கு 25 நிமிடம், அவருடைய பிராஜெக்டைப் பற்றி 10 நிமிடம், கடைசி 5 நிமிடம் அவர் உங்களைக் கேட்க. நடுவில் பாடம் நடத்தாதீர்கள். அவர் சம்மதித்தால் பதிவு செய்யுங்கள். தான் பேசுவதைத் தானே ஒரு முறை கேட்டாலே பாதிக் குறை அவருக்கே புரிந்துவிடும்.

புதியவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வகையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ஒரு சொல்லில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் முதல் எழுத்து எது? மாணவி உடனே இப்படி எழுதுவார்:

```python
def first_unique(s):
    for c in s:
        if s.count(c) == 1:
            return c
```

விடை சரி. ஆனாலும் மதிப்பெண் முழுதாகக் கிடைக்காது. எழுதத் தொடங்கும் முன், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றா, அப்படி ஓர் எழுத்தே இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஓர் உதாரணத்தைக் கையால் செய்து காட்டவில்லை. பிறகு நீங்கள், "ஒரு லட்சம் எழுத்து இருந்தால்?" என்று கேளுங்கள். `count` ஒவ்வொரு முறையும் முழுச் சரத்தையும் முதலிலிருந்து எண்ணுகிறது. எல்லா எழுத்தும் திரும்பத் திரும்ப வரும் சரமானால் ஒரு லட்சம் முறை ஒரு லட்சத்தை எண்ண வேண்டும், அதாவது ஆயிரம் கோடி ஒப்பீடுகள். முதல் சுற்றில் ஒவ்வோர் எழுத்தின் எண்ணிக்கையையும் ஒரு டிக்ஷனரியில் எழுதிவைத்து, இரண்டாம் சுற்றில் சரத்தின் வரிசையிலேயே சென்று எண்ணிக்கை 1 உள்ளதைத் தேடினால், இரண்டு லட்சம் படிகளில் முடிந்துவிடும். இந்த மாற்றத்தை அவர் தானாகச் சொன்னாரா, ஒரு குறிப்புக்குப் பிறகு சொன்னாரா, மூன்று குறிப்பு தேவைப்பட்டதா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சிக்கும் அடுத்த பயிற்சிக்கும் இடையில் முன்னேற்றம் இருக்கிறதா என்பதை, விடை சரியா தவறா என்பதைவிடக் குறிப்புகளின் எண்ணிக்கை நன்றாகக் காட்டும்.

நம் மாணவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழில் கேட்டால் தெளிவாக விளக்குபவர், அதையே ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியதும் மௌனமாகிவிடுவார்; எதிரில் இருப்பவர் அதை விடை தெரியாததாக எடுத்துக்கொள்வார். இதை ஆங்கில வகுப்பு எடுத்துச் சரிசெய்ய முடியாது, தேவையும் இல்லை. ஐந்து இன்டர்வியூ வகுப்புகளில் முதல் இரண்டைத் தமிழிலேயே நடத்துங்கள். மூன்றாவதில், அதே கேள்வியை, அதே விடையை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். விடை ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுவதும் மொழிக்குப் போகும். கடைசி இரண்டில் புதிய கேள்வி, முழுக்க ஆங்கிலம்.

பயிற்சி முடிந்த அன்றே அரைப் பக்க அறிக்கை அனுப்புங்கள். "இன்னும் நம்பிக்கை வேண்டும்" போன்ற வாக்கியம் யாருக்கும் பயன்படாது. "7ஆவது நிமிடத்திலிருந்து 11ஆவது நிமிடம் வரை எதுவும் பேசவில்லை, அப்போது என்ன யோசித்தீர்கள் என்று பதிவைப் பார்த்து எழுதி அனுப்புங்கள்" என்பது பயன்படும்.

இப்போது கட்டணம். நேரடி வகுப்பு 16 மணி. ஒவ்வொன்றுக்கும் தயாரிக்க 15 நிமிடம் என்றால் 4 மணி. ஐந்து முறை பிராஜெக்ட் திருத்தம், தலா அரை மணி, ஆக இரண்டரை மணி. மற்ற வகுப்புகளின் வீட்டுப்பாடமும் இன்டர்வியூ அறிக்கையும் சேர்ந்து ஏறத்தாழ 2 மணி. வாரத்துக்கு 15 நிமிடம் வாட்ஸ்அப் சந்தேகங்கள் என்றால் எட்டு வாரத்துக்கு இன்னொரு 2 மணி. மொத்தம் 26½ மணி. வகுப்புக்கு 400 ரூபாய் வாங்கினால் கிடைப்பது 6,400. உங்கள் உழைப்பு மணிக்கு 241 ரூபாய்தான் பெறும். மணிக்கு 400 உங்கள் கைக்கு வர வேண்டும் என்றால் மொத்தம் 10,600, வகுப்புக்கு ஏறத்தாழ 660. கடைசி நேரத்தில் ரத்தாகும் வகுப்புகளையும் மனத்தில் வைத்து 700 என்று சொல்லுங்கள்.

அந்தத் தொகை கட்டுப்படியாகாதவர்களும் வருவார்கள். அவர்களுக்காக 700ஐ 500 ஆக்குவதைவிட, ஒரே நிலையில் உள்ள இருவரைச் சேர்த்து எடுப்பது மேல். திருத்தமும் சந்தேகங்களும் இரட்டிப்பாவதால் மொத்தம் 33 மணி ஆகும்; அதே கணக்கில் ஒருவருக்கு வகுப்புக்கு 412 ரூபாய் வருகிறது, 450 வைக்கலாம். அந்த 25 நிமிடத்தில் ஒருவர் எழுதும்போது மற்றவர் படித்துப் பிழை சொல்லட்டும். இருவரின் வேகமும் ஒத்துவரவில்லை என்று நான்காவது வகுப்புக்குள் தெரிந்துவிடும். பிரிக்க நேரிட்டால் கட்டணம் என்ன ஆகும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள். மூவர் என்றால் இந்த முறை நிற்காது, அது சாதாரண வகுப்பாகிவிடும். மாதிரி இன்டர்வியூ மட்டும் கேட்டு வருபவருக்கு, அவருடைய ரெஸ்யூமைப் படித்துக் கேள்வி தேர்ந்தெடுக்க 15 நிமிடம், பயிற்சி 45, அறிக்கை 30, ஆக ஒன்றரை மணி, 600 ரூபாய்.

முழுத் தொகையையும் முன்பணமாக வாங்க வேண்டாம். நான்கு வகுப்புக்கு 2,800 என்று தவணையாக, தவணை தொடங்கும் முன் யு.பி.ஐ. மூலம் வாங்குங்கள். நடுவில் நிறுத்துபவருக்கு மீதி வகுப்பின் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அப்போது சுலபம். வகுப்பை மாற்ற 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த வகுப்பு முடிந்ததாகக் கணக்கு. மின்வெட்டுக்கும் உங்கள் குழந்தையின் காய்ச்சலுக்கும் இந்த விதி இல்லை. சந்தேகங்களுக்கு எந்த நேரத்தில் பதில் வரும் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு பதினொரு மணிக்குக் கேள்வி வரும். ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது, ஆனால் வருமான வரிக் கணக்கில் இதைக் காட்ட வேண்டும் என்பதால், முதல் ரூபாயிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

ஒரு கோரிக்கை விரைவிலேயே வரும், அதற்கு இப்போதே தயாராக இருங்கள். "நாளை ஆன்லைன் தேர்வு இருக்கிறது, நீங்கள் இணைப்பில் இருந்து விடை மட்டும் சொன்னால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன்" என்பார்கள். நிறுவனம் வீட்டில் செய்து அனுப்பச் சொன்ன பயிற்சியை உங்களிடம் முடித்துத் தரச் சொல்வார்கள். இரண்டையும் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் மாணவரின் வாய்ப்பு போகும், நாளை நீங்கள் மீண்டும் வேலைக்குப் போகும்போது உங்கள் பெயரும் கூடவே வரும். தேர்வு முடிந்த பிறகு அதே வகைக் கேள்வியை உட்கார்ந்து அலசுவதில் தவறில்லை.

உறவினர் பிள்ளைகளைப் பொறுத்தவரை, இலவசமாக எடுத்தால் வகுப்பு மாறிக்கொண்டே இருக்கும், வீட்டுப்பாடம் வராது. கேட்கவும் உங்களுக்கு மனம் வராது. பெற்றோரிடம் முதல் நாளே, "மற்றவர்களுக்கு 700, நம் பிள்ளைக்கு 350, நான்கு வகுப்புக்கு ஒரு முறை கொடுத்துவிடுங்கள் அண்ணி" என்று தொகையோடு சொல்லிவிடுங்கள். அதுவும் சொல்ல முடியாத இடம் என்றால், முதல் சந்திப்பை மட்டும் இலவசமாக எடுத்து, அவர் எந்த வகை என்று பார்த்து, எதிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.